ஒரு ஷிப்ட் மாற்றச் செய்தி: தமிழிலிருந்து மலாய்க்கு

மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் என்ற தொழிற்பேட்டை உள்ளது. 1972 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இப்பேட்டையில் இலத்திரனியல் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. இத்தகைய ஆலைகளில் இயந்திரங்கள் இரவிலும் நிற்பதில்லை. ஆகவே வேலையாட்கள் முறை வைத்து மாறி மாறி வருவார்கள். காலை 7 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை ஒரு ஷிப்ட், 3 மணி முதல் இரவு 11 மணி வரை மற்றொன்று, 11 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை மூன்றாவது என்பது பொதுவாகக் காணப்படும் ஓர் ஒழுங்கு.

நம் நாட்டிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்காக மலேசியா செல்வோர் உள்ளனர். அப்படிப் போன நம் ஊர் யுவதி ஒருத்தி, தன்னோடு வேலை செய்யும் மலாய்ப் பெண்மணி ஒருவரிடம் ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு மலாய் எழுத வராது. அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள். மலாய் ஓரளவு கற்றவர் என்பதால் செய்தியை மாற்றித் தரும் பொறுப்பு உங்களிடம் வருகிறது. பயிற்சிக்காக நான் எழுதிய அந்தச் செய்தி இது:

“தாத்தா, வெள்ளிக்கிழமை ராவு ஷிப்ட் எனக்குப் போட்டிருக்கு. சனி காலைல ஊருக்குப் போற கூட்டாளிய எயார்போட்ல கொண்டு விடணும். நீங்க அன்டைக்கு வந்தா, ஞாயிறு உங்கட காலை ஷிப்டுக்கு வாறன். சுப்பவைசருக்கு இன்னும் சொல்லல்ல. நாங்க ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம்.”

ஐந்தே வசனங்கள். கடினமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைத்தால் வெள்ளிக்கிழமை இரவு இயந்திரத்தின் முன்னால் ஒருவரும் இருக்கமாட்டார். அந்த வெற்றிடம் நம் ஊர் யுவதியின் பெயரில்தான் பதியப்படும். சம்பளம் வெட்டப்படுவதோடு, மூத்த தோழியின் நம்பிக்கையும் போய்விடும். அது எப்படி நேரும் என்பதை வசனம் வசனமாகப் பார்ப்போம்.

முதற் சொல்: தாத்தா

நம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. தமிழ்நாட்டிலும் அகராதியிலும் அது பாட்டனாரைக் குறிக்கும். பாட்டனாருக்கு மலாய்ச் சொல் ‘டாத்துக்’. மலேசியாவில் அதே சொல் பெரிய மனிதர்களுக்கு வழங்கப்படும் பட்டமாகவும் உள்ளது. நம் பேச்சு வழக்கை அறியாத ஒருவர் மொழிபெயர்த்தால், உடன் வேலை செய்யும் பெண்மணி பாட்டனாராகவோ பட்டம் பெற்ற பிரமுகராகவோ ஆகிவிடுவார்.

இங்கு வேண்டிய சொல் ‘காக்’. அக்கா என்ற பொருளுடைய ‘காக்காக்’ என்பதன் சுருக்கம் அது. தன்னைவிட மூத்த பெண்ணை அறிமுகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலாய்க்காரர் இப்படித்தான் அழைப்பர்.

அடுத்து வரும் ‘நீங்க’ என்ற சொல்லுக்கும் இதே விடைதான். மலாய் மொழியில் முன்னிலையைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. ‘காவ்’ என்பது மிக நெருங்கியவரிடமும் சண்டையிலும் வருவது. ‘அவாக்’ என்பது ஒத்த வயதினருக்குப் பொருந்தும். ‘அண்டா’ என்பது விளம்பரங்களிலும் படிவங்களிலும் காணப்படும் சொல். மூத்த பெண்ணிடம் பேசும்போது இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. ‘நீங்கள்’ வரும் இடத்திலெல்லாம் ‘காக்’ என்றே எழுதலாம். ‘காக் மாசுக்’ என்றால் ‘நீங்கள் வேலைக்கு வாருங்கள்’ என்று பொருள்படும்.

எந்த இரவு?

இந்தச் செய்தியில் மிகப் பெரிய ஆபத்து ‘வெள்ளிக்கிழமை ராவு’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது.

மலாய் மொழியின் கிழமைப் பெயர்கள் அரபு படித்த மாணவிக்கு உடனே புரியும். இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ், ஜுமாஅத், சப்து, அஹாட் என அவை அரபிலிருந்தே வந்தவை. இரவுக்கு மலாய்ச் சொல் ‘மாலாம்’. இந்த இரண்டையும் எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

மலாய் இலக்கணத்தின் முதற் பாடம், பெயருக்குப் பின்னால் அதன் அடைமொழி வரும் என்பது. ‘பெரிய வீடு’ என்பதை அவர்கள் ‘வீடு பெரிய’ என்ற வரிசையில் சொல்வார்கள். இதை நன்றாகப் படித்த மாணவி, வெள்ளிக்கிழமை இரவு என்பதை ‘மாலாம் ஜுமாஅத்’ என்று எழுதுவாள். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் மலாய்க்காரர் காதில் ‘மாலாம் ஜுமாஅத்’ என்பது வியாழக்கிழமை பின்னேரம் சூரியன் மறைந்ததும் தொடங்கும் இரவு. வெள்ளிக்கிழமை பகல் முடிந்து வரும் இரவுக்கு அவர்கள் ‘ஜுமாஅத் மாலாம்’ என்பார்கள். சொற்கள் அவையேதான், வரிசை மாறியதும் 24 மணி நேரம் மாறிவிடுகிறது.

இதன் காரணம் நமக்குப் புதிதல்ல. இஸ்லாமிய நாட்கணக்கில் நாள் மஃரிபுடன் தொடங்குகிறது. இரவு முதலில், பகல் அதன் பின்னால். இருபத்தேழாம் நோன்பின் இரவு, இருபத்தேழாம் நோன்பு பிடிக்கும் பகலுக்கு முன்னால் வருவதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். மலாய் மக்கள் வாரந்தோறும் யாசீன் ஓதக் கூடும் ‘மாலாம் ஜுமாஅத்’தும் அந்தக் கணக்கைச் சேர்ந்ததே.

ஆனால் தொழிற்சாலையின் நேர அட்டவணை நள்ளிரவில் திகதி மாறும் கணக்கில் ஓடுகிறது. இரவு 11 மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் பெரும்பாலும் தொடங்கும் நாளின் பெயரிலேயே போடப்படும். எனவே அட்டவணையில் வெள்ளி எனக் கண்டால் வெள்ளி இரவு 11 மணி முதல் சனி காலை 7 மணி வரை என்று கொள்ளவேண்டும்.

இங்கே மொழிபெயர்ப்பவருக்கு இன்னுமொரு வேலை உண்டு. செய்தியை எழுதியவளும் நம்மவள் அல்லவா? அவள் ‘வெள்ளிக்கிழமை ராவு’ என்று எழுதியபோது எந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தாள்? வியாழன் பின்னேரத்தை வெள்ளி இரவு என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. மறுநாள் காலை எயார்போட் போகவேண்டும் என்பதால் அவள் சொல்வது வெள்ளி பகலுக்குப் பின் வரும் இரவு என்று ஊகிக்க முடிகிறது. ஊகம் சரியாகவே இருக்கலாம். எனினும் அட்டவணையில் என்ன திகதி போட்டிருக்கிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை. 12 ஆம் திகதி என்று அவள் சொன்னதாக வைத்துக்கொள்வோம்.

இனி மலாயில் எழுதும்போது கிழமை, திகதி, தொடங்கும் மணி, முடியும் மணி ஆகிய நான்கையும் வைத்துவிடலாம்: ‘ஹாரி ஜுமாஅத் 12 ஹாரிபூலான், பூக்குல் 11 மாலாம் சம்பாய் பூக்குல் 7 பாகி சப்து 13 ஹாரிபூலான்.’ அதாவது, வெள்ளிக்கிழமை 12 ஆம் திகதி இரவு 11 மணி முதல் 13 ஆம் திகதி சனி காலை 7 மணி வரை. ‘ஹாரி’ என்றால் நாள். ‘பூக்குல்’ மணியைக் குறிக்கும். வசனம் சற்று நீளுகிறது. ஆனால் இதை வேறு இரவாக வாசிக்க எவராலும் முடியாது.

வருவது யார்?

‘ஞாயிறு உங்கட காலை ஷிப்டுக்கு வாறன்’ என்ற தொடரில் ‘நான்’ என்ற சொல் இல்லை. இருந்தும் வருவது யார் என்பதில் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. ‘வாறன்’ என்பதன் ஈற்றிலேயே ‘நான்’ ஒளிந்திருக்கிறது. தமிழ் வினைமுற்று செய்பவரைத் தன்னுள்ளே சுமந்து வரும்.

மலாய் வினைக்கு அத்தகைய ஈறு கிடையாது. ‘மாசுக்’ என்ற சொல் நான் வருகிறேன், நீ வருகிறாய், அவர் வருவார் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தமிழில் இல்லாத எழுவாயை மலாயிலும் விட்டுவிட்டு ‘ஞாயிறு காலை ஷிப்ட் மாசுக்’ என்று எழுதினால், வாசிக்கும் காக் அது தன்னுடைய ஷிப்ட் என்பதால் தானே வரவேண்டும் என்று எண்ணுவார். அப்படியானால் வெள்ளி இரவும் அவர், ஞாயிறு காலையும் அவர். மாற்றம் ஏதும் நடக்காமல் அவர் தலையில் ஒரு ஷிப்ட் கூடுதலாக ஏறிவிடும். ஆகவே தமிழ் வினையின் ஈற்றில் இருக்கும் ஆளை வெளியே எடுத்து ‘சாயா மாசுக்’, அதாவது ‘நான் வருகிறேன்’, என்று எழுதவேண்டும்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு சோடிச் சொற்கள் ‘கந்தி’, ‘துக்கார்’. ‘கந்தி’ என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பது. ‘என்னைக் கந்தி செய்யுங்கள்’ என்றால் எனக்காக ஒரு நாள் வந்து உதவுங்கள் என்று மட்டுமே விளங்கும். ‘துக்கார்’ என்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. நம் செய்தியில் ‘நீங்க வந்தா... வாறன்’ என்றுதான் இருக்கிறது. மாற்றம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனாலும் சொல்லப்படுவது கொடுக்கல் வாங்கல்தான். எனவே மலாய்ச் செய்தியில் ‘துக்கார் ஷிப்’ என்று வெளிப்படையாகவே கேட்டுவிட வேண்டும். அதற்குப் பின்னால் எந்த ஷிப்டுக்கு எது ஈடு என்பதை இரண்டு தனி வசனங்களில் வைத்தால் போதும்.

சொல்லல்ல என்பதும் இன்னும் சொல்லல்ல என்பதும்

மலாய் வினையில் காலமும் இல்லை. நடந்து முடிந்ததற்கு ‘சூடா’, இன்னும் நடக்காததற்கு ‘பெலும்’ என்று தனிச் சொல்லை முன்னால் வைப்பார்கள். ‘தாக்’ என்பது வெறும் மறுப்பு.

‘சுப்பவைசருக்கு இன்னும் சொல்லல்ல’ என்பதை ‘தாக் பெரித்தாஹு’ என்று எழுதினால், சொல்லவில்லை அல்லது சொல்லமாட்டேன் என்ற பொருள் வந்துவிடும். மேலாளருக்குத் தெரியாமல் செய்யும் காரியம் போல் அது தொனிக்கும். கவனமுள்ள ஒருவர் அதைக் கண்டதும் பின்வாங்குவார். ‘பெலும் பெரித்தாஹு’ என்று எழுதினால், இன்னும் சொல்லவில்லை, சொல்லும் எண்ணம் உண்டு என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும். தமிழில் ‘இன்னும்’ செய்யும் வேலையை மலாயில் ‘பெலும்’ செய்கிறது.

நாமா, நாங்களா?

இலக்கணத்தில் நாம் படித்த ஒரு வேறுபாடு இங்கே வேலைக்கு வருகிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது நாம். அவரை விலக்கிச் சொல்வது நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. மலாயில் உண்டு: ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். தமிழறிந்தவருக்கு இது ஓர் எளிமை. ஆங்கிலத்தை நடுவில் வைத்து மொழிபெயர்ப்பவர் இந்த எளிமையை இழந்துவிடுவார்.

ஆனால் நம் செய்தி ‘நாங்க ரெண்டு பேரும்’ என்கிறது. இலக்கணப்படி அது ‘காமி பெர்டுவா’ ஆகும். அப்படி எழுதினால் காக் என்ன விளங்கிக்கொள்வார்? தன்னைத் தவிர்த்த வேறு இருவர் மேலாளரிடம் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று நினைப்பார். தனக்கு அதில் வேலையில்லை என்று பேசாமல் இருந்துவிடுவார். இவளோ அவர் வருவார் என்று காத்திருப்பாள். கடைசியில் மேலாளருக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இலங்கைப் பேச்சுத் தமிழில் கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும்போதும் ‘நாங்க’ என்றே பெரும்பாலும் சொல்கிறோம். ‘வாங்க, நாங்க போவோம்’ என்று கூட்டாளியை அழைக்கும்போது அவரை விலக்கியா சொல்கிறோம்? எனவே புத்தகத்து விதியை இங்கே பொருத்தாமல், அந்த ‘இரண்டு பேர்’ யார் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். எழுதியவளும் காக்கும் என்பதே இந்த இடத்துக்குப் பொருந்தும் விடை. ஆகவே ‘கித்தா பெர்டுவா’ என்பதே சரி.

முழுச் செய்தி

இப்போது மலாய்ச் செய்தியை ஒன்றாகச் சேர்க்கலாம். எளிதாக வாசிக்கத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

“காக், ஹாரி ஜுமாஅத் 12 ஹாரிபூலான் சாயா கெனா ஷிப் மாலாம், பூக்குல் 11 மாலாம் சம்பாய் பூக்குல் 7 பாகி சப்து 13 ஹாரிபூலான். பாகி சப்து இத்து சாயா கெனா ஹந்தார் காவான் கெ லாப்பாங்ஙான் தெர்பாங். போலே தாக் கித்தா துக்கார் ஷிப்? காக் மாசுக் ஷிப் மாலாம் சாயா ஹாரி ஜுமாஅத் இத்து. ஷிப் பாகி காக் ஹாரி அஹாட் 14 ஹாரிபூலான், சாயா மாசுக். சாயா பெலும் பெரித்தாஹு பெஞெலியா. காலாவ் காக் செத்துஜு, கித்தா பெர்டுவா பெரித்தாஹு சாமா-சாமா.”

இதைத் தமிழுக்குத் திருப்பினால் இப்படி வரும்: “அக்கா, 12 ஆம் திகதி வெள்ளிக்கிழமை எனக்கு இரவு ஷிப்ட், இரவு 11 மணி முதல் 13 ஆம் திகதி சனி காலை 7 மணி வரை. அந்தச் சனி காலை நான் தோழியை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடவேண்டும். நாம் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாமா? அந்த வெள்ளிக்கிழமை என் இரவு ஷிப்டுக்கு நீங்கள் வாருங்கள். 14 ஆம் திகதி ஞாயிறு உங்கள் காலை ஷிப்டுக்கு நான் வருகிறேன். மேலாளருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சம்மதித்தால் நாம் இருவரும் சேர்ந்து சொல்வோம்.”

இப்படித் திருப்பிப் பார்ப்பதுதான் சோதனை. மலாய்ச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தமிழில் சொல்லிக்காட்டி, இதைத்தானே கேட்டாய் என்று எழுதியவளிடம் உறுதி செய்யவேண்டும். மூலத்தை மறுபடி பார்த்துக்கொண்டு திருப்பினால் பிழை மறைந்துவிடும். நம் மனம் தெரிந்ததையே வாசிக்கும். ‘கூட்டாளி’ என்பதைத் தொழிலில் பங்காளி என்று எழுதியிருந்தாலும் இந்தச் சோதனையில் அகப்படும்.

பதிலை மொழிபெயர்க்கும்போது

வேலை இத்தோடு முடிவதில்லை. காக் பதில் அனுப்புவார்: “போலே. காக் மாசுக் மாலாம் இத்து. ஹாரி அஹாட் காக் ரேஹாட்.” சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘முடியும். அக்கா அந்த இரவு வருவது. ஞாயிறு அக்கா ஓய்வு’ என்று நிற்கும். வேறு யாரோ ஓர் அக்கா வருகிறார் போலிருக்கிறதே என்று நம் யுவதி குழம்பக்கூடும்.

மலாய்க்காரர் தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் உறவுப் பெயரையே வைப்பார்கள். நாம் எழுதிய ‘காக்’ நீங்கள் என்று பொருள்பட்டது. அவர் எழுதும் ‘காக்’ நான் என்று பொருள்படுகிறது. நம் வீட்டிலும் ‘உம்மா தாறேன் மகள்’ என்று தாய் சொல்வதுண்டு. ஆனால் தமிழில் ‘தாறேன்’ என்ற ஈறு பேசுபவரைக் காட்டிவிடுகிறது. மலாயில் அந்த உதவி இல்லாததால் ‘அந்த இரவு நான் வாறன். ஞாயிறு நான் ஓய்வெடுப்பன்’ என்று எழுதித் தரவேண்டும்.

வேறொரு பதிலும் வரலாம்: ‘தெங்கோக் டூலு.’ ‘முதலில் பார்க்கிறேன்’ என்பது அதன் பொருள். இதைச் சம்மதம் என்று மாற்றிவிடக் கூடாது. மறுப்பு என்றும் மாற்றக் கூடாது. ‘பார்த்துச் சொல்றன் என்கிறார்’ என்று உள்ளபடியே கொடுத்து, எப்போது தெரியும் என்று கேட்கவேண்டுமா என எழுதியவளிடமே விட்டுவிடலாம். ‘இன்ஷா அல்லாஹ்’ என்று மட்டும் வந்தாலும் அவ்வாறே. இரு மொழியிலும் ஒன்றாக இருக்கும் அந்தச் சொல், சொல்பவரின் மனநிலையைப் பொறுத்து உறுதியாகவும் இருக்கும், தயக்கமாகவும் இருக்கும். மொழிபெயர்ப்பவர் அதை முடிவு செய்யத் தேவையில்லை. ‘ஜாடி, காக்?’ என்று கேட்டால் போதும். நிச்சயம்தானா அக்கா என்பதே அதன் பொருள். ‘ஜாடி’ என்று பதில் வந்தால் மாற்றம் உறுதி.

நம் நாட்டு மலாய்ச் சமூகத்து மாணவிகளுக்கு ஒரு குறிப்பு: உங்கள் வீட்டு மலாய், தமிழோடும் சிங்களத்தோடும் நெடுங்காலம் பழகி, வினையை வசனத்தின் முடிவில் வைக்கும் வழக்கத்தைப் பெற்றது. மேலே தந்திருப்பது மலேசிய மலாய். வினை நடுவில் வரும். சொற்கள் பல உங்களுக்குத் தெரிந்தவையாக இருக்கும். ஆயினும் வசனத்தை அனுப்புமுன் அங்கே பழகிய ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

பின்வரும் செய்தியை மொழிபெயர்க்குமுன், எழுதியவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் எவை எனக் குறித்துக்கொள்ளுங்கள்.

“தாத்தா, திங்கள் ராவு வர ஏலாது. புதன்கிழமை வாறன். சுப்பவைசருக்குச் சொல்லிட்டன். நாங்க பிறகு கதைப்போம்.”

எந்த இரவு, புதன்கிழமை எந்த ஷிப்டுக்கு, அது யாருடைய ஷிப்ட் என்ற மூன்று கேள்விகளாவது உங்கள் தாளில் இருக்கவேண்டும். இம்முறை மேலாளருக்குச் சொல்லியாகிவிட்டது. ‘பெலும்’ இருந்த இடத்தில் ‘சூடா’ வரும். ‘நாங்க’ என்பதற்குக் ‘கித்தா’வா, ‘காமி’யா என்பதை நீங்களே சொல்லுங்கள்.